சுவரிலிருந்து மூன்றில் ஒரு மில்லிமீட்டர்: குழாய்க்குள் வேகம் ஏன் மடக்கையில் ஏறுகிறது, உராய்வுத் திசைவேகம் என்பது யாருடைய வேகம்

உள்விட்டம் சரியாக 100 மி.மீ. உள்ள வழவழப்பான பிவிசி குழாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் 20 டிகிரி தண்ணீர் சராசரியாக நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நொடிக்குப் பதினைந்தரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே, ஒரு வாளி நிறைய என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும் தண்ணீர் நகர்வதில்லை, அதன் வேகம் பூஜ்யம். இது எல்லோருக்கும் தெரியும். இப்போது கேள்வி: சுவரிலிருந்து மூன்றில் ஒரு மில்லிமீட்டர் தள்ளி, அதாவது நான்கைந்து தலைமுடியை அடுக்கினால் வரும் தூரத்தில், தண்ணீரின் சராசரி வேகம் என்னவாக இருக்கும்?

மாணவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் 2 செ.மீ., 5 செ.மீ. என்றுதான் சொல்வார்கள். சரியான விடை நொடிக்கு ஏறத்தாழ 1.17 மீட்டர். ஆரம் 50 மி.மீ., அதில் நூற்றில் ஒரு பங்குகூட நாம் இன்னும் நகரவில்லை, ஆனால் சராசரி வேகத்தில் பாதியைத் தாண்டிவிட்டோம். மீதமுள்ள 49 மி.மீ. தூரத்தையும் கடந்து நடுமையத்துக்குப் போனால் வேகம் இன்னும் ஒரு மடங்குதான் கூடும்.

பள்ளியில் வரைந்த பரவளையம் இங்கே கிடையாது. அந்தப் பரவளையம், தண்ணீர் கலங்காமல் அடுக்கடுக்காக நழுவும் சீரோட்டத்துக்கானது. அதில் நடுமைய வேகம் சராசரியைப் போல இரண்டு மடங்கு, சுவரருகே வேகம் நிதானமாக ஏறும். ஓட்டத்தின் வேகம் பாகுநிலையின் பிடியைவிட எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்று காட்டும் ரெனால்ட்ஸ் எண் நம் குழாயில் 2 லட்சம். குழாய் ஓட்டம் சாதாரணமாக 2,300-ஐத் தாண்டினாலே தள்ளாட ஆரம்பித்துவிடும், இது அதைவிட எண்பது மடங்குக்கும் மேல். ஆகவே கொந்தளிப்பு ஓட்டம்தான், சந்தேகமே இல்லை.

சரி, 1.17 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று பார்க்கும் முன் உராய்வுத் திசைவேகத்தைப் பிடித்துவிடலாம். அது இல்லாமல் ஒரு அடிகூட நகர முடியாது. இந்தப் பெயர்தான் அதிகம் குழப்புகிறது என்பது என் அனுபவம். நான் படிக்கும்போது தேர்வில் சூத்திரத்தை எழுதி முழு மதிப்பெண்ணும் வாங்கினேன், ஆனால் "இது எந்த இடத்தில் இருக்கும் தண்ணீரின் வேகம்?" என்று வாய்மொழித் தேர்வில் கேட்டபோது "சுவரருகே இருக்கும் தண்ணீரின் வேகம்" என்று உளறினேன். அது தவறு. எந்த இடத்துத் தண்ணீரின் வேகமும் அல்ல அது.

குழாயில் 10 மீட்டர் நீளத்தை மட்டும் மனத்தில் வெட்டி எடுங்கள். இரண்டு முனைகளிலும் துளையிட்டு அழுத்தத்தை அளந்தால் வித்தியாசம் சுமார் 3,120 பாஸ்கல் வரும். தண்ணீர் மட்டத்தில் சொன்னால் 32 செ.மீ. உயரம். இந்த அழுத்த வித்தியாசம் குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பின் மீது தள்ளுகிறது, அந்தப் பரப்பு 0.00785 சதுர மீட்டர், ஆக தள்ளும் விசை 24.5 நியூட்டன். தண்ணீர் வேகம் கூடாமலும் குறையாமலும் போகிறதென்றால், இதே 24.5 நியூட்டனைச் சுவர் எதிர்த்திசையில் பிடித்து இழுக்கிறது என்றுதான் அர்த்தம். இரண்டரைக் கிலோ அரிசிப் பையைத் தூக்கும் விசை, அவ்வளவுதான். அதை 10 மீட்டர் குழாயின் உள்சுவர்ப் பரப்பான 3.14 சதுர மீட்டருக்குப் பங்கிட்டால் ஒரு சதுர மீட்டருக்கு 7.8 நியூட்டன். இதைத்தான் சுவர்த் தகைவு என்கிறோம், `τw = 7.8 Pa`.

இந்த ஓட்டத்தைச் சீரோட்டமாகவே ஓட வைக்க முடிந்திருந்தால் சுவர்த் தகைவு 0.16 பாஸ்கல்தான் இருந்திருக்கும். ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு. கொந்தளிப்புக்கு நாம் கட்டும் மின்கட்டணம் அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

இப்போது அந்த 7.8-ஐத் தண்ணீரின் அடர்த்தியான 1000-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள்.

```
u* = √(τw / ρ) = √(7.8 / 1000) = 0.0883 m/s
```

நொடிக்கு 8.8 செ.மீ. இதுதான் உராய்வுத் திசைவேகம். அலகைப் பார்த்தால் வேகம், ஆனால் உண்மையில் இது ஒரு விசை, வேகத்தின் உடுப்பைப் போட்டுக்கொண்டு நிற்கிறது. சுவர் எவ்வளவு பலமாகப் பிடித்து இழுக்கிறது என்பதை நொடிக்கு இத்தனை மீட்டர் என்ற மொழியில் சொல்கிறோம், அவ்வளவுதான்.

அப்படியென்றால் வெறும் கணக்கு வசதிக்காகச் செய்த அலகு மாற்றமா? அங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. சுவர் இழுக்கும் இழுப்பு குழாயின் நடுவில் ஓடும் தண்ணீருக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்று யோசியுங்கள். சுவருக்கும் நடுமையத்துக்கும் நடுவே கயிறு எதுவும் கட்டியிருக்கவில்லை. சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போனதும் பாகுநிலை அநேகமாகச் சும்மா இருந்துவிடுகிறது. அங்கே வேலையைச் செய்வது சுழல்கள்தான். ஒரு சிறு உருண்டைத் தண்ணீர் சுவர்ப் பக்கத்திலிருந்து நடுவை நோக்கித் தெறித்துப் போகிறது. அது மெதுவான இடத்திலிருந்து வந்ததால் போய்ச் சேரும் இடத்தில் மற்றவர்களைவிட மெதுவாக இருக்கிறது, அவர்களைப் பின்னுக்கு இழுக்கிறது. இன்னொரு உருண்டை நடுவிலிருந்து சுவரை நோக்கி இறங்குகிறது. அது வேகத்தைக் கொண்டுவந்து சுவர்ப் பக்கத்தில் கொட்டுகிறது. இந்தப் பண்டமாற்றில் ஒரு நொடியில் ஒரு சதுர மீட்டர் வழியாகக் கைமாறும் உந்தம்தான் அந்த இடத்துத் தகைவு. அடர்த்தி, குறுக்காக நகரும் வேகத்தின் ஏற்ற இறக்கம், நீளவாக்கு வேகத்தின் ஏற்ற இறக்கம் ஆகிய மூன்றையும் பெருக்கி நேரச் சராசரி எடுத்தால் அது கிடைக்கும்.

சுவரருகே, ஆனால் ஒட்டி அல்லாமல், இந்தத் தகைவு ஏறத்தாழ சுவர்த் தகைவுக்குச் சமம். இரண்டு பக்கமும் அடர்த்தியால் வகுத்தால், இரண்டு ஏற்ற இறக்க வேகங்களின் பெருக்கற்பலனுடைய சராசரி `u*`-இன் வர்க்கத்துக்குச் சமம் என்று வருகிறது. அதாவது உராய்வுத் திசைவேகம் சுழல்களின் வேக அளவு. அளந்து பார்த்தாலும் அப்படித்தான் இருக்கிறது: குறுக்காக ஆடும் வேகம் சராசரியாக `u*` அளவில், நம் குழாயில் நொடிக்கு 9 செ.மீ. சுற்றி, நீளவாக்கில் ஆடும் வேகம் சுவருக்கு மிக அருகே உச்சத்தில் `u*`-ஐப் போல இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். 2 மீட்டர் வேகத்தில் எல்லாம் ஒன்றாக ஓடுகிறது, அதற்குள்ளே 9 செ.மீ. வேகத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கலங்கிக்கொண்டிருக்கிறது. அந்தக் கலக்கத்தின் வேகமும் சுவரின் இழுப்பும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள். வாய்மொழித் தேர்வில் நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான், பல வருஷம் கழித்துத்தான் உறைத்தது.

வேகத்துக்கு ஒரு அளவுகோல் கிடைத்துவிட்டது. தூரத்துக்கும் ஒன்று வேண்டும். தண்ணீரின் பாகுநிலையை அடர்த்தியால் வகுத்தால் வருவது `ν`, இங்கே 0.000001 என்று வைத்துக்கொள்ளலாம். அதை `u*`-ஆல் வகுத்தால் ஒரு நீளம் கிடைக்கும்: 0.0113 மி.மீ., அதாவது 11 மைக்ரான். பாகுநிலை ஆளும் உலகத்தின் அங்குலம் இது. சுவரிலிருந்து உள்ள தூரத்தை இந்த அங்குலத்தில் எண்ணினால் அதற்கு `y+` என்று பெயர், வேகத்தை `u*`-இல் எண்ணினால் `u+`.

சுவரிலிருந்து 5 அங்குலம் வரைக்கும், அதாவது 57 மைக்ரான் வரைக்கும், பாகுநிலைதான் ராஜா. ஒரு தலைமுடியின் தடிமன்கூட இருக்காது இந்த அடுக்கு. அதற்குள் வேகம் நேர்கோடாக ஏறுகிறது, `u+ = y+`. தலைமுடி தடிமனுக்குள் பூஜ்யத்திலிருந்து நொடிக்கு 44 செ.மீ.-க்கு ஏறிவிடுகிறது, எவ்வளவு செங்குத்தான ஏற்றம் பாருங்கள். 5-இலிருந்து 30 வரை ஒரு இழுபறிப் பகுதி, பாகுநிலையும் சுழலும் சேர்ந்து சுமக்கும் இடம். அங்கே சுருக்கமான விதி எதுவும் சரியாக வராது. 30-ஐத் தாண்டியதும், நம் குழாயில் 0.34 மி.மீ. தாண்டியதும், மடக்கை ஆரம்பிக்கிறது.

ஏன் மடக்கை? நான் பார்த்த பாடநூல்களில் பல கலப்பு நீளம் என்ற கருத்தைக் கொண்டுவந்து ஒரு பக்கம் முழுக்க வகையிடுவார்கள். லுட்விக் பிராண்டிலின் 1925 ஆம் ஆண்டுக் கருத்து அது, நல்லதுதான், ஆனால் அதைவிட எளிமையான வழி ஒன்று இருக்கிறது, எனக்கு அதுதான் பிடிக்கும்.

சுவரிலிருந்து 2 மி.மீ. தள்ளி நில்லுங்கள். பாகுநிலை அங்குலம் 11 மைக்ரான், நீங்கள் அதைப் போல 180 மடங்கு தூரத்தில் இருக்கிறீர்கள், ஆகவே பாகுநிலை உங்களுக்குத் தெரியாது. குழாயின் ஆரம் 50 மி.மீ., நீங்கள் அதில் நான்கு சதவீதத்தில் நிற்கிறீர்கள், எதிர்ச்சுவர் எங்கே இருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியாது. அந்த இடத்துச் சுழலுக்குத் தெரிந்த ஒரே தூரம், சுவர் 2 மி.மீ.-இல் இருக்கிறது என்பது. அதைவிடப் பெரிய சுழல் அங்கே முழுசாகச் சுழல முடியாது, சுவரில் இடித்துக்கொள்ளும். தெரிந்த ஒரே வேகம் `u*`. இப்போது, ஒரு மீட்டர் நகர்ந்தால் வேகம் எவ்வளவு கூடும் என்ற வேகச்சரிவைக் கேட்டால், அதன் அலகு நொடிக்கு ஒன்று. ஒரு வேகமும் ஒரு தூரமும் மட்டும் கையில் இருக்கும்போது அந்த அலகில் எழுதக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: `u*/y`. முன்னால் ஒரு எண் வரும், அதை `1/κ` என்று எழுதுவது வழக்கம்.

தூரம் இரட்டிப்பானால் சரிவு பாதியாகிறது. 1 மி.மீ.-இலிருந்து 2 மி.மீ.-க்குப் போகும்போது எவ்வளவு வேகம் கூடுகிறதோ, 2-இலிருந்து 4-க்குப் போகும்போதும் அவ்வளவே கூடுகிறது, தூரம் இரண்டு மடங்கு, சரிவு பாதி, பெருக்கினால் அதே. ஒவ்வொரு இரட்டிப்புக்கும் ஒரே தொகை கூடினால் அதற்குப் பெயர்தான் மடக்கை.

```
u/u* = (1/κ) ln(y u*/ν) + B      κ ≈ 0.41,  B ≈ 5.0
```

நம் குழாயில் ஒவ்வொரு இரட்டிப்புக்கும் கூடுவது நொடிக்கு 15 செ.மீ. அரை மி.மீ.-இல் 1.26, ஒரு மி.மீ.-இல் 1.41, இரண்டில் 1.56, நான்கில் 1.71, எட்டில் 1.86 மீட்டர். ஒரு மி.மீ. நகர்ந்து சம்பாதித்த அதே 15 செ.மீ.-ஐ அடுத்த தடவை சம்பாதிக்க 2 மி.மீ. நகர வேண்டும், அதற்கடுத்த தடவை 4. தொடக்கத்தில் சொன்ன 1.17-க்கும் இதே சூத்திரம்தான், `y+` 30 என்று போட்டுப் பாருங்கள்.

`κ` என்பது கார்மன் மாறிலி. தியோடர் வான் கார்மன் 1930-இல் இந்த மடக்கை விதியை வெளியிட்டார்; பிராண்டிலும் அவரும் ஆசிரியரும் மாணவருமாக இருந்து, பிறகு இந்த விஷயத்தில் போட்டியாளர்களாகவே மாறியிருந்த காலம் அது. எண்ணை மட்டும் யாராலும் காகிதத்தில் வருவிக்க முடியவில்லை, இன்றுவரைக்கும் அளந்துதான் எடுக்கிறோம். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 200 வளிமண்டல அழுத்தம் வரை காற்றை அழுத்தி 13 செ.மீ.-க்குச் சற்றுக் குறைவான விட்டமுள்ள குழாயில் ஓடவிட்டு ரெனால்ட்ஸ் எண்ணை 3.5 கோடிக்குக் கொண்டுபோனார்கள். 1998-இல் வந்த அந்த முடிவில் `κ` 0.436 என்றார்கள், சில ஆண்டுகள் கழித்து அதே குழாயில் வேகம் அளக்கும் ஊசிகளை இன்னும் சின்னதாக வைத்து மறுபடி அளந்து 0.421 என்று திருத்தினார்கள். தட்டையான பலகைகளின் மேல் அளப்பவர்கள் 0.38, 0.39 என்கிறார்கள். இது ஏதோ பண்டிதர் சண்டை என்று தள்ளிவிடாதீர்கள், 0.41-க்குப் பதில் 0.39 போட்டால் வேக அளவீட்டிலிருந்து கணக்கிடும் சுவர்த் தகைவு பத்து சதவீதம் நகரும்.

`B` கதை வேறு. மேலே சொன்ன வாதம் சரிவை மட்டும்தான் தருகிறது, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று சொல்வதில்லை. அது சுவரை ஒட்டிய அந்தத் தலைமுடித் தடிமனில் தீர்மானமாகிறது. ஆகவே சுவரைச் சொரசொரப்பாக்கினால் சரிவு மாறாது, ஆரம்பப் புள்ளி மட்டும் கீழே இறங்கும் என்று எதிர்பார்க்கலாம். அதை மெனக்கெட்டுச் செய்து காட்டியவர் ஜொஹான் நிகுராட்சே. கோட்டிங்கன் நகரில் பிராண்டிலின் ஆய்வகத்தில், சலித்துப் பிரித்த மணலைக் குழாயின் உள்ளே வார்னிஷ் வைத்து ஒட்டி, மணல் அளவை மாற்றி மாற்றி அளந்தார். 1933-இல் வந்த அந்த முடிவுகள்மேல்தான் இன்றைக்கு உராய்வு அட்டவணைகள் நிற்கின்றன. கோடுகள் எல்லாம் ஒன்றுக்கொன்று இணையாக, கீழே கீழே நகர்ந்து வந்தன.

நம் குழாய்க்குப் பதிலாக, உள்ளே துருக் கட்டி பிடித்து 1 மி.மீ. மணலுக்குச் சமமான சொரசொரப்பு வந்துவிட்ட பழைய வார்ப்பிரும்புக் குழாயை வைத்துப் பாருங்கள். விட்டம் அதே 100 மி.மீ., வேகம் அதே 2 மீட்டர். பாகுநிலை அடுக்கு அந்த மேடுகளுக்கு நடுவே காணாமல் போய்விடுகிறது, சூத்திரத்தில் `ν` இருந்த இடத்தில் மேட்டின் உயரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. `u*` நொடிக்கு 8.8-இலிருந்து 13.8 செ.மீ.-க்கு ஏறுகிறது. சுவர்த் தகைவு அதன் வர்க்கமாகப் போவதால் ஏறக்குறைய 2.4 மடங்கு, மீட்டருக்கு 312 பாஸ்கல் இழந்துகொண்டிருந்த இடத்தில் இப்போது 758. வேகப் படத்தின் வடிவமும் மாறுகிறது: 5 மி.மீ. தூரத்தில் 1.75-இலிருந்து 1.71-க்குக் குறைகிறது, நடுமையத்தில் 2.25-இலிருந்து 2.48-க்கு ஏறுகிறது. மொத்தத் தண்ணீர் அதேதான் போகிறது, சுவர்ப்பக்கம் முடங்கிய பங்கை நடுப்பக்கம் தூக்கிக்கொள்கிறது. பழைய குழாயின் நடுவில் மட்டும் ஒரு அளவுமானியைச் செருகி வேகத்தைப் பார்த்து, "அட, ஓட்டம் கூடியிருக்கிறதே" என்று சந்தோஷப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த ஏமாற்றத்திலிருந்து தப்ப மடக்கை விதியே வழி சொல்கிறது. அதை வட்டம் முழுக்கக் கூட்டிச் சராசரி எடுத்தால், சராசரி வேகம் நடுமைய வேகத்தைவிட `1.5/κ` மடங்கு `u*` குறைவு என்று வரும். எந்தத் தூரத்தில் வேகம் அந்தச் சராசரிக்குச் சமமாகிறது என்று பார்த்தால் `u*`, `κ`, சொரசொரப்பு எல்லாம் அடிபட்டுப் போய், ஆரத்தில் 0.22 பங்கு என்று நிற்கிறது. விட்டத்தில் ஏறத்தாழ ஒன்பதில் ஒன்று. நடைமுறையில் செருகுவகை ஓட்டமானியின் முனையைச் சுவரிலிருந்து விட்டத்தில் எட்டில் ஒரு பங்கு தூரத்தில் நிறுத்துவது இதனால்தான், குழாய் பழசானாலும் அந்த இடத்தில் பிழை குறைவு.

நடுமையம் 2.25 என்று சொன்னேன் அல்லவா, வழவழப்பான குழாயில்? உண்மையில் அளந்தால் 2.4-ஐ ஒட்டி வரும். மடக்கையை மட்டும் நம்பிச் சராசரி போட்டாலும் 1.93 மீட்டர்தான் வருகிறது, நாம் வைத்துத் தொடங்கியதோ 2. மூன்று நான்கு சதவீதம் எங்கே போனது? நடுப்பகுதியில் போனது. தகைவு சுவரிலிருந்து நடுமையம் வரை நேர்கோடாகக் குறைந்து பூஜ்யமாகிறது, 5 மி.மீ.-இலேயே அது பத்து சதவீதம் இறங்கிவிடுகிறது, அப்புறம் "சுழலுக்குச் சுவர் மட்டும்தான் தெரியும்" என்ற வாதமும் செத்துப்போகிறது, எதிர்ச்சுவரும் தெரிய ஆரம்பிக்கிறது. ஆரத்தில் 15 சதவீதம், நம் குழாயில் 7 மி.மீ. சொச்சம், அதற்கு மேல் மடக்கை ஓரளவு ஒத்துப்போவது நம் அதிர்ஷ்டம், உரிமை அல்ல. நடுமையத்தில் விதி தரும் சரிவு பூஜ்யமாகாமல் கூராக முட்டி நிற்பதைப் பார்த்தாலே அது அங்கே செல்லாது என்று தெரிந்துவிடும். இந்தப் பக்கம் சுவருக்குப் போனால் இன்னும் மோசம், கழித்தல் முடிவிலி என்கிறது.

அழுத்தத் துளை போட முடியாத இடத்தில் `u*`-ஐ எப்படிக் கண்டுபிடிப்பது? மடக்கையைத் திருப்பிப் பயன்படுத்தலாம். வேகத்தைப் பல தூரங்களில் அளந்து, கிடை அச்சில் `ln y`, செங்குத்து அச்சில் வேகம் என்று குறித்தால் நேர்கோடு வரும், அதன் சரிவை 0.41-ஆல் பெருக்கினால் `u*`. நம் குழாயில் 1 மி.மீ.-இல் 1.41, 5 மி.மீ.-இல் 1.75, வித்தியாசம் 0.346 மீட்டர், `ln 5` என்பது 1.609, சரிவு 0.215, பெருக்கினால் 0.088. அழகாக வந்துவிட்டது.

இப்போது கெடுப்போம். அளக்கும் ஊசி சுவரைத் தொடும் இடத்தைத்தான் பூஜ்யம் என்று வைக்கிறோம். அதில் 0.3 மி.மீ. பிசகிவிட்டது, உண்மையான 1 மி.மீ.-ஐ நீங்கள் 0.7 என்றும் 5-ஐ 4.7 என்றும் எழுதுகிறீர்கள். வேகங்கள் அதேதான். ஆனால் 4.7-ஐ 0.7-ஆல் வகுத்து மடக்கை எடுத்தால் 1.904. சரிவு இறங்கி, `u*` 0.0745 ஆகிறது. சுவர்த் தகைவு 7.8-க்குப் பதில் 5.55 பாஸ்கல், கிட்டத்தட்ட முப்பது சதவீதம் குறைவு, வெறும் 0.3 மி.மீ. பிசகுக்கு! இரண்டு புள்ளியை வைத்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஏழெட்டுப் புள்ளி இருந்தால், சுவரருகே உள்ள புள்ளிகள் மட்டும் கோட்டைவிட்டு மேலே வளைந்து நிற்கும், தூரத்துப் புள்ளிகள் ஒழுங்காக இருக்கும். எல்லா தூரங்களோடும் ஒரே எண்ணைக் கூட்டிப் பார்த்து எந்த எண்ணுக்கு வளைவு நிமிர்கிறதோ அதுதான் உங்கள் பிசகு. வளைவு கீழ்நோக்கி இருந்தால் ஒன்று பிசகு எதிர்த்திசையில், அல்லது நீங்கள் `y+` 30-க்கு உள்ளே புகுந்துவிட்டீர்கள். கோடே எங்கும் நேராக வரவில்லை என்றால் ஊசியைக் குறை சொல்லாமல் குழாயை மேல்நோக்கி நடந்து பாருங்கள், விட்டத்தைப் போல நாற்பது ஐம்பது மடங்கு தூரத்துக்குள் ஒரு வளைவோ வால்வோ இருக்கும்.

கணினியில் ஓட்டத்தைத் தீர்ப்பவர்களுக்கு இதே தொல்லை வேறு முகத்தில் வருகிறது. சுவரை ஒட்டிய முதல் கட்டத்தின் மையம் எங்கே இருக்க வேண்டும்? பாகுநிலை அடுக்கையே தீர்க்கப் போகிறேன் என்றால் `y+` ஒன்று, நம் குழாயில் 11 மைக்ரான். சுவர் விதியை நம்பப் போகிறேன் என்றால் 30-க்கு மேல், 0.34 மி.மீ.-க்கு அப்பால். ரொம்பப் பேர் செய்வது, "நல்லா நெருக்கமா இருக்கட்டும்" என்று 0.1 மி.மீ. வைப்பது. அது `y+` 9, இழுபறிப் பகுதியின் மத்தியில் போய் விழுகிறது, இரண்டு விதிகளும் பொய் சொல்லும் இடம். கட்டத்தை நெருக்கமாக்க ஆக்க விடை மோசமாகிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். ஓட்டிப் பார்க்கும் முன்பே `u*` தெரிந்திருக்க வேண்டுமே என்ற கேள்விக்குப் பதில் சுலபம்: ரெனால்ட்ஸ் எண்ணை வைத்து உராய்வு அட்டவணையிலிருந்து உராய்வுக் காரணியை எடுங்கள், நம் குழாய்க்கு 0.0156, அதை 8-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்துச் சராசரி வேகத்தால் பெருக்கினால் 8.8 செ.மீ. வந்துவிடும், ஒரு நிமிட வேலை.

நேரான குழாய் வரைக்கும் இது போதும். குழாய் திடீரென்று அகலமாகும் இடத்தில் ஓட்டம் சுவரைவிட்டுப் பிரிந்து, கொஞ்ச தூரம் போய் மறுபடி சுவரில் வந்து ஒட்டுகிறது. ஒட்டும் அந்தக் கோட்டில் சராசரி சுவர்த் தகைவு பூஜ்யம், ஒரு பக்கம் முன்னோக்கி, மறுபக்கம் பின்னோக்கி. அதன் வர்க்கமூலமான `u*`-உம் பூஜ்யம். ஆனால் கலக்கம் பயங்கரமாக இருக்கும் இடம் அதுதான், சுவரிலிருந்து வெப்பம் அதிகம் கடத்தப்படுவதும் அதைச் சுற்றித்தான். மேலே சொன்ன ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள் இங்கே பிரிந்துவிடுகின்றன: சுவரின் இழுப்பு இல்லை, சுழல்கள் இருக்கின்றன. `u*`-ஐச் சுவர்த் தகைவிலிருந்தே எடுக்கும் சுவர் விதி இங்கே வெப்பம் கடத்தப்படவே இல்லை என்று சாதிக்கும். அதனால்தான் OpenFOAM போன்ற மென்பொருளில் `nutUWallFunction`, `nutkWallFunction` என்று இரண்டு தனித்தனியாக வைத்திருக்கிறார்கள்; முதலாவது வேகத்திலிருந்து `u*`-ஐத் தேடுகிறது, இரண்டாவது சுழல்களின் இயக்க ஆற்றலின் வர்க்கமூலத்திலிருந்து எடுக்கிறது. நேர்குழாயில் இரண்டும் ஏறக்குறைய ஒரே விடையைத் தரும், அகலமாகும் இடத்தில் தராது.